தண்ணீர் திரும்புவதற்குள் மூட வேண்டும்: அறையாத என்.ஆர்.வி.யைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பம்பை நிறுத்தியதும் பம்ப் அறையில் 'டமால்' என்று ஒரு சத்தம். ஃபிளாஞ்சில் நீர் கசிகிறது, பிரஷர் கேஜ் முள் வளைந்து போகிறது, குழாயைத் தாங்கும் கிளாம்ப் கழன்று கொள்கிறது. இதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் "வால்வு மட்டம், நல்ல கம்பெனி வால்வா மாத்துங்க" என்பார்கள். அதே அளவில், அதே வகையில், இன்னும் விலை கூடிய வால்வு வரும். சில நாளில் அதுவும் அடிக்கும். கோளாறு தரத்தில் இல்லை என்பதுதான் காரணம். அந்த லைனில் தண்ணீர் எவ்வளவு வேகமாக நின்று திரும்புகிறது என்பதற்கும், வால்வு எவ்வளவு வேகமாக மூடுகிறது என்பதற்கும் பொருத்தம் இல்லை. குழாயின் விட்டத்தை மட்டும் சொல்லி என்.ஆர்.வி. வாங்கும் வரை இந்தப் பொருத்தம் தற்செயலாகத்தான் அமையும்.

என்.ஆர்.வி. என்றும் ரிஃப்ளக்ஸ் வால்வு என்றும் நாம் சொல்வது, தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே போகவிடும் வால்வை. அதைத் திறக்கவோ மூடவோ ஆள் கிடையாது, மோட்டார் கிடையாது. ஓடும் தண்ணீர் தள்ளித் திறக்கிறது. ஓட்டம் குறையும்போது தன் எடையாலோ ஸ்பிரிங்காலோ மூடிக்கொள்கிறது. பிரச்சினை முழுவதும் அந்த மூடும் நேரத்தில்தான் இருக்கிறது.

வால்வு அறையும் சத்தம் எங்கிருந்து வருகிறது

பம்ப் நின்றதும் குழாயில் உள்ள தண்ணீர் உடனே நிற்காது. போன வேகத்தில் இன்னும் சற்று மேலே போகும். வேகம் படிப்படியாகக் குறைந்து ஒரு கணம் சுழியம் ஆகும். அப்புறம் மேலே உள்ள தொட்டியின் உயர அழுத்தத்தால் பின்னோக்கி ஓடத் தொடங்கும். என்.ஆர்.வி. அந்தச் சுழியக் கணத்திலேயே சரியாக மூடிவிட்டால் ஒரு சத்தமும் இருக்காது. நின்ற தண்ணீரை அடைப்பதில் என்ன அதிர்ச்சி இருக்கப் போகிறது?

நிஜத்தில் வால்வு கொஞ்சம் பிந்தும். அதன் கதவு இன்னும் பாதி திறந்திருக்கும்போதே தண்ணீர் திரும்பிவிடும். திரும்பிய தண்ணீர் கதவைப் பிடித்துத் தள்ளும், கதவு தான் பொருந்தி அடைக்கும் விளிம்பில், அதாவது இருக்கையில், போய் மோதும். அதே நொடியில், பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதும் வழி அடைபட்டு நிற்கும். கதவு இருக்கையில் மோதுவது ஒன்று, தண்ணீர் கதவில் மோதுவது இன்னொன்று. நாம் கேட்கும் சத்தத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. குழாயை உடைப்பது இரண்டாவது.

அந்த இரண்டாவது மோதலுக்குக் கணக்கு உண்டு. நிகோலாய் ஜுக்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890-களின் இறுதியில் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து கண்டது அது. திடீரென நிறுத்தப்பட்ட வேகத்தை, குழாய்க்குள் அழுத்த அலை செல்லும் வேகத்தால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.81-ஆல் வகுத்தால், அழுத்தம் எவ்வளவு உயர்கிறது என்பது இத்தனை மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் என்ற கணக்கில் கிடைக்கும். இரும்புக் குழாயில் நீர் நிரம்பியிருக்கும்போது அலை நொடிக்கு சுமார் 1,200 மீட்டர் வேகத்தில் போகும். ஆகவே பின்னோக்கி ஓடும் வேகம் நொடிக்கு வெறும் 0.1 மீட்டர் இருந்தாலே, அதை அடைக்கும்போது அழுத்தம் 12 மீட்டர் எகிறும். ஃபிட்டர்கள் சொல்லும் கணக்கில் இது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல். பி.வி.சி. குழாயில் அலை வேகம் குறைவு என்பதால் எகிறலும் குறையும். ஆனால் அந்தக் குழாய் தாங்கும் அழுத்தமும் குறைவு.

பொதுவான ஒரு அளவுகோல் சொல்கிறேன். திரும்பும் வேகம் நொடிக்கு 0.15 மீட்டருக்குள் இருந்தால் வால்வு அமைதியாக மூடும். அதைத் தாண்டினால் சத்தம் கேட்கத் தொடங்கும். 0.3 மீட்டரைத் தாண்டினால் அது அலட்சியம் செய்யக்கூடிய சத்தம் அல்ல.

முதலில் உங்கள் லைனைக் கணக்கிடுங்கள்

ஒரு வால்வு எவ்வளவு பிந்தும் என்பதைப் பார்ப்பதற்கு முன், தண்ணீர் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்று தெரிய வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு கால்குலேட்டர் போதும். சம்பின் நீர்மட்டத்துக்கும் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை 9.81-ஆல் பெருக்கி, குழாயின் நீளத்தால் வகுத்தால் போதும். கிடைப்பது, ஒவ்வொரு நொடியிலும் வேகம் எவ்வளவு குறைகிறது என்பது.

ஒரு உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். சம்பிலிருந்து தொட்டிக்கு 36 மீட்டர் உயரம். 150 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புக் குழாய், 180 மீட்டர் நீளம். ஒரே பம்ப், நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் தண்ணீரை ஏற்றுகிறது. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,600 லிட்டர். இப்போது கரண்ட் போகிறது.

36-ஐ 9.81-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்தால் 1.96 வரும். 2 என்றே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நொடிக்கும் தண்ணீரின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் குறையும். 1.5 மீட்டர் வேகத்தில் போன தண்ணீர் முக்கால் நொடியில் நின்றுவிடும். "கரண்ட் போன பிறகு தண்ணீர் நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும், வால்வு மெதுவாக மூடலாம்" என்று நினைப்பவர்கள் இந்த முக்கால் நொடியைப் பார்க்க வேண்டும். முக்கால் நொடிக்குப் பிறகு அதே வீதத்தில் பின்னோக்கியும் வேகம் ஏறும். வால்வு கால் நொடி பிந்தினால், திரும்பும் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் ஆகியிருக்கும்.

இந்தக் கணக்கில் பம்பின் சுழற்சி மந்தத்தைச் சேர்க்கவில்லை. இம்பெல்லரும் மோட்டாரும் கரண்ட் போன பிறகும் சற்று நேரம் சுற்றி, தண்ணீரைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் உண்மையில் தண்ணீர் இன்னும் நிதானமாக நிற்கும். இப்போதெல்லாம் வரும் சிறிய அதிவேக பம்புகளில் சுற்றும் பாகங்கள் இலகுவானவை, அந்த உதவி குறைவு. ஆகவே இந்தக் கணக்கு மோசமான நிலையைத்தான் காட்டும். வால்வு தேர்வுக்கு அப்படி எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அதே 36 மீட்டர் உயரத்துக்கு, குழாய் 4 கிலோமீட்டர் நீளம் என்று மாற்றிப் பாருங்கள். 2 என்று வந்தது இப்போது 0.09 ஆகிவிடும். நீளமான குழாயில் அசைந்துகொண்டிருக்கும் தண்ணீரின் எடை அதிகம், அதை நிறுத்த நேரம் பிடிக்கும். வால்வு அரை நொடி பிந்தினாலும் திரும்பும் வேகம் 0.05 மீட்டருக்குள்தான் இருக்கும். நீண்ட லைனில் அறை பெரிதாக இருக்கும், குட்டை லைனில் பயமில்லை என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். என்.ஆர்.வி. அறையைப் பொறுத்தவரை நிலைமை நேர் எதிர்: உயரம் அதிகம், நீளம் குறைவு என்றால்தான் ஆபத்து. நீண்ட லைன்களுக்கு வேறு வகை அலை அதிர்ச்சிகள் உண்டு. அவற்றின் காரணம் வால்வு அல்ல.

மூன்று வால்வுகளும் அதே லைனில்

ஸ்விங் வகையிலிருந்து தொடங்குவோம். இந்திய நீர் வழங்கல் திட்டங்களில் IS 5312 தரத்தின்படி வரும் ரிஃப்ளக்ஸ் வால்வு இதுதான். மேல் பக்கம் கீல், அதில் தொங்கும் ஒரு வார்ப்பிரும்புக் கதவு. தண்ணீர் வரும்போது கதவு மேலே தூக்கிக்கொள்ளும், போகும் வழி பெரும்பாலும் திறந்திருக்கும், ஆகவே அழுத்த இழப்பு குறைவு. எளிமையானது, பழுது பார்க்கலாம், மூடியைக் கழற்றிக் கதவைக் கையால் அசைத்துப் பார்க்கலாம், விலையும் மலிவு. இவை எல்லாம் உண்மையான நன்மைகள்.

ஆனால் கதவு மூடும் தூரத்தைக் கவனியுங்கள். 150 மில்லிமீட்டர் வால்வில் கதவின் நடுப்பகுதி திறந்த நிலையிலிருந்து மூடிய நிலைக்கு வர ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வில்லாக நகர வேண்டும். நகர்த்துவது கதவின் சொந்த எடை மட்டுமே. கதவு முழுதாகத் தூக்கியிருக்கும்போது எடை நன்றாக வேலை செய்கிறது. கீழே இறங்க இறங்க அந்த இழுவை குறைகிறது. இருக்கை நேர் செங்குத்தாக இருந்தால், கதவு நேராகத் தொங்கும் கடைசிக் கட்டத்தில் எடையின் மூடும் விசை கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. அந்தக் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கடக்க வைப்பது திரும்பி வரும் தண்ணீர்தான். சொல்லப்போனால், ஸ்விங் வால்வு தன்னை மூடிக்கொள்ளத் தண்ணீர் திரும்பும் வரை காத்திருக்கிறது. காற்றில் அறைந்து சாத்தும் வாசல் கதவு மாதிரிதான் இதுவும். நல்ல தயாரிப்பாளர்கள் இருக்கையைச் சில டிகிரி சாய்த்து வைப்பது இந்தக் கடைசிக் கட்டத்தைச் சரிசெய்யத்தான். அதனால் பயன் உண்டு, ஆனால் 10 சென்டிமீட்டர் பயணம் அப்படியேதான் இருக்கும்.

நம் உதாரண லைனில் இந்தக் கதவு கால் நொடி பிந்துகிறது என்று வைப்போம். திரும்பும் வேகம் 0.5 மீட்டர், அழுத்த எகிறல் 61 மீட்டர். ஏற்கெனவே உள்ள 36 மீட்டரையும் சேர்த்தால் 97 மீட்டர். 4 கிலோ அழுத்தத்தில் அமைதியாக இருந்த குழாய், ஒவ்வொரு கரண்ட் தடைக்கும் கிட்டத்தட்ட 10 கிலோவைப் பார்க்கிறது. 10 கிலோ தாங்கும் என்று எழுதிய குழாயானால் எல்லையைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது.

கதவின் அச்சை வெளியே நீட்டி, அதில் கைப்பிடியும் எடையும் மாட்டுவது பழைய வழக்கம். மெதுவாக நிற்கும் லைனில் இது உதவும். வேகமாக நிற்கும் லைனில் எதிர்பார்த்த பலன் கிடைக்காது. காரணம், அந்த எடையும் அசைக்கப்பட வேண்டிய ஒன்று. மூடும் விசையைக் கூட்டிய கையோடு, மூட வேண்டிய பாரத்தையும் கூட்டிவிடுகிறோம். கைப்பிடியில் எடைக்குப் பதில் ஸ்பிரிங் மாட்டினால் பாரம் கூடாமல் விசை மட்டும் கூடும். பழைய வால்வை மாற்ற முடியாத இடத்தில் முதலில் முயல வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

அடுத்து ஸ்பிரிங் வகை. இதில் இரண்டு உருவங்கள் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும். ஒன்று இரட்டைத் தகடு: நடுவில் ஒரு செங்குத்துக் கம்பி, அதன் இரு பக்கமும் அரைவட்டத் தகடுகள், கம்பியைச் சுற்றி முறுக்கு ஸ்பிரிங். இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவில் சாண்ட்விச் போல் பொருந்திவிடும், இடம் பிடிக்காது. மற்றொன்று நடுவில் தண்டு வழிகாட்டும் வட்டத் தட்டு. தட்டு நேர்கோட்டில் முன்னும் பின்னும் போகும், பின்னால் சுருள் ஸ்பிரிங் இருக்கும். 'சைலண்ட் செக்' என்று விற்பவை இவை.

இவை வேகமாக மூடுவதற்கு ஸ்பிரிங் மட்டும் காரணம் அல்ல, தூரமும் காரணம். வட்டத் தட்டு குழாயின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு பின்வாங்கினாலே, சுற்றிலும் திறக்கும் இடைவெளி குழாயின் முழுக் குறுக்குப் பரப்புக்குச் சமமாகிவிடும். 150 மில்லிமீட்டர் வால்வில் அது 37 மில்லிமீட்டர். ஸ்விங் கதவின் 10 சென்டிமீட்டருக்கு எதிரே இது மூன்றில் ஒரு பங்கு கொஞ்சம் கூட. இரட்டைத் தகட்டில் ஒவ்வொரு அரைத்தகட்டின் எடை மையமும் கீலுக்கு மிக அருகில், 3 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எனவே அதற்கும் பயணம் குறைவு, ஒவ்வொரு தகட்டின் எடையும் குறைவு. இதோடு, ஓட்டம் குறையத் தொடங்கிய உடனே ஸ்பிரிங் வேலையைத் தொடங்கிவிடுகிறது. தண்ணீர் திரும்பும் வரை காத்திருப்பதில்லை.

நம் லைனில் ஸ்பிரிங் வால்வு 0.08 நொடி பிந்துகிறது என்று எடுத்துக்கொண்டால், திரும்பும் வேகம் 0.16 மீட்டர், எகிறல் 20 மீட்டர். மொத்தம் 56 மீட்டர். லேசாக ஒரு 'டக்'. இந்த லைனுக்கு இதுவே போதும்.

மூன்றாவது, நாசில் வகை. வெளியே பார்த்தால் நடுவில் தடித்த ஒரு நீண்ட வார்ப்பு. உள்ளே, தண்ணீர் போகும் வழி முதலில் குறுகி, பின் மெல்ல விரியும்படி வளைவாக அமைந்திருக்கும். நடுவில் மீன் வடிவத்தில் ஒரு உடல், அதில் இலகுவான தட்டு அல்லது வளையம், பின்னால் ஸ்பிரிங். வளைய வகையில் தண்ணீர் வளையத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் போவதால், அதே பரப்பைத் திறக்க இன்னும் குறைந்த நகர்வே போதும். குறுகிய வழியில் வேகம் கூடி அழுத்தம் குறைவதால் தட்டு திறந்த நிலையில் உறுதியாக நிற்கிறது, ஆடுவதில்லை. விரியும் பகுதி அந்த அழுத்தத்தைத் திருப்பித் தருகிறது, ஆகவே ஸ்பிரிங் வலுவாக இருந்தும் இழப்பு குறைவு.

0.03 நொடிப் பிந்தல் என்றால் நம் லைனில் திரும்பும் வேகம் 0.06 மீட்டர், எகிறல் 7 மீட்டர். பக்கத்தில் நின்றாலும் மூடியது தெரியாது. ஆனால் இந்த லைனுக்கு நாசில் வால்வு வாங்கச் சொல்ல மாட்டேன். விலை ஸ்விங் வால்வைப் போல் பல மடங்கு. 20 மீட்டர் எகிறலை 7 மீட்டராக்க அந்தப் பணம் தேவையில்லை.

இங்கே நான் எடுத்துக்கொண்ட பிந்தல் நேரங்கள், மூன்று வகைகளையும் ஒரே தராசில் நிறுத்திக் காட்டுவதற்காக வைத்தவை. நீங்கள் வாங்கப்போகும் வால்வுக்கான எண்ணைத் தயாரிப்பாளர்தான் தர வேண்டும். அதற்கு ஒரு வரைபடம் உண்டு. கிடைமட்ட அச்சில் தண்ணீர் வேகம் குறையும் வீதம், அதாவது நாம் கணக்கிட்ட 2 என்ற எண். செங்குத்து அச்சில் மூடும் தருணத்தில் திரும்பும் வேகம். ஸ்விங் வால்வின் கோடு செங்குத்தாக ஏறும், நாசில் வால்வின் கோடு தரையோடு படுத்திருக்கும், ஸ்பிரிங் வகை நடுவில். உங்கள் எண்ணிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தால் விடை கிடைத்துவிடும். இந்த வரைபடத்தைக் கேட்கும்போது "எங்கள் வால்வு அறையாது, கேரண்டி" என்று மட்டும் பதில் வந்தால், அந்தக் கேரண்டியை எந்த வீதத்துக்குத் தருகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது பம்ப் வந்ததும் எல்லாம் மாறும்

மேலே சொன்ன பம்ப் அறையில் இப்போது இன்னொரு பம்ப் சேர்க்கிறோம். இரண்டும் ஹெடர் என்ற ஒரே பொதுக் குழாயில் தண்ணீரைச் சேர்த்து ஓடுகின்றன. ஒரு பம்ப் ஓவர்லோடில் ட்ரிப் ஆகிறது, மற்றது ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஹெடரில் அழுத்தம் விழவே இல்லை, ஏனெனில் மற்ற பம்ப் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நின்ற பம்பின் வழியாகத் தண்ணீர் சம்புக்குத் திரும்ப முயல்கிறது. இப்போது நிறுத்தப்பட வேண்டிய தண்ணீர் 180 மீட்டர் குழாயில் உள்ளது அல்ல. சம்பிலிருந்து ஹெடர் வரையுள்ள அந்தக் கிளையில் உள்ளது மட்டும், சுமார் 6 மீட்டர். அதே சூத்திரத்தில், உராய்வையும் சேர்த்து 38 மீட்டர் அழுத்தத்தையும் 6 மீட்டர் நீளத்தையும் போட்டால் 62 வரும். 2 இருந்த இடத்தில் 62! பம்ப் சுழற்சியின் மந்தம் இங்கே நிஜமாகவே காப்பாற்றும், அந்த எண்ணைப் பல மடங்கு குறைக்கும். 8 என்று எடுத்துக்கொள்வோம். அப்படியும் முன்பைவிட நான்கு மடங்கு.

இந்த வீதத்தில் திரும்பும் நீரே கதவை விரட்டுவதால் எல்லா வால்வும் சற்று வேகமாக மூடும். ஸ்விங் 0.15 நொடி பிந்தினாலும் திரும்பும் வேகம் 1.2 மீட்டர். ஸ்பிரிங் வால்வு 0.05 நொடி என்றால் 0.4. நாசில் 0.02 என்றால் 0.16. ஒற்றைப் பம்புக்குப் போதுமாக இருந்த இரட்டைத் தகடு, இங்கே அடிக்கத் தொடங்கிவிடுகிறது. அழுத்த அலை ஹெடரை அடைந்ததும் பல கிளைகளில் பிரிந்து கொஞ்சம் தணியும் என்பது உண்மை. ஆனால் கதவு இருக்கையில் மோதும் வேகம் அதனால் குறையாது. கீல் ஊசி, ஸ்பிரிங், இருக்கை ரப்பர் எல்லாம் அதை வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

பல பம்புகள் ஒரு ஹெடரில் ஓடும் இடத்தில், உயரம் 30 மீட்டருக்கு மேல் என்றால், நாசில் வால்வின் விலையைக் குறைந்தபட்சம் கேட்டாவது பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதே கணக்கு இன்னொரு இடத்திலும் வரும். அங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். நீண்ட லைனில் அலை அதிர்ச்சியைத் தணிக்க, பம்ப் அறைக்கு வெளியே காற்று நிரப்பிய அழுத்தத் தொட்டி வைப்பார்கள். குழாய்க்கு அது பெரிய பாதுகாப்பு. என்.ஆர்.வி.க்கோ அது ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாவது பம்புக்குச் சமம். கரண்ட் போனதும் தொட்டியில் உள்ள காற்று விரிந்து தண்ணீரை இரு பக்கமும் தள்ளும். வால்வுக்கும் தொட்டிக்கும் இடையே சில மீட்டர் தண்ணீர்தான் இருக்கிறது, அது கணத்தில் திரும்பிவிடும். இதற்கு முன் வருடக்கணக்கில் சத்தமே போடாத ஸ்விங் வால்வு, அழுத்தத் தொட்டி பொருத்திய அன்றே அறையத் தொடங்கும். வால்வு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், லைன் மாறியிருக்கிறது. அழுத்தத் தொட்டி வைக்கத் திட்டமிட்டால் வேகமாக மூடும் வால்வையும் அதே மதிப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும்.

வேகமான வால்வு கேட்கும் விலை

ஸ்பிரிங்கை எவ்வளவு வேண்டுமானாலும் வலுவாக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்து வைப்பது ஓடும் தண்ணீர். ஓட்டம் போதாவிட்டால் தட்டு பாதியில் நின்று ஆடும். வெளியே கேட்பது சன்னமான படபடப்பு. அறைபோல் பயமுறுத்தாது, ஆனால் நாள் முழுதும் நடக்கும். தண்டும் வழிகாட்டியும் தேய்ந்து, ஸ்பிரிங் களைத்து ஒடியும். ஒடிந்த துண்டு லைனோடு போகும். பிறகு வால்வு மூடாமல் நின்றால், அறைவதைவிட மோசமான நிலை வரும்: பம்ப் பின்னோக்கிச் சுற்றும்.

இதற்குப் பொதுவான காரணம் பெரிய வால்வு. எதிர்காலத்துக்காக 200 மில்லிமீட்டர் குழாய் போட்டிருப்பார்கள், வால்வும் 200 வாங்குவார்கள், ஓட்டமோ 150-க்குரியது. இன்னொரு காரணம் பலருக்கும் தோன்றாது. இரண்டு பம்புகள் சேர்ந்து ஓடும்போது லைனின் உராய்வு கூடுவதால் ஒவ்வொரு பம்பும் தனியாக ஓடும்போது தருவதைவிடக் குறைவாகவே தரும். பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள ஓட்டத்தைச் சொல்லி வால்வு வாங்கினால் ஸ்பிரிங் அதற்கேற்ப வலுவாக வரும், சேர்ந்து ஓடும்போது முழுதாகத் திறக்காது. வி.எஃப்.டி. வைத்து வேகம் குறைத்து ஓட்டும் இடத்திலும் இதே கதைதான். ஆகவே தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டியது, அந்த வால்வு வழியாக வழக்கமாகப் போகப்போகும் மிகக் குறைந்த ஓட்டம். நாசில் வால்வுக்குப் பல வலுவில் ஸ்பிரிங் கிடைக்கும், அந்த எண்ணைப் பார்த்துத் தேர்ந்து தருவார்கள்.

பம்பின் வாயிலேயே பென்ட், அதை ஒட்டி வால்வு என்று பொருத்துவதும் தட்டை ஆட வைக்கும். பம்புக்கும் வால்வுக்கும் நடுவே விட்டத்தின் ஐந்து மடங்கு நேர்க்குழாயாவது இருக்கட்டும். கிடைமட்டக் குழாயில் இரட்டைத் தகடு பொருத்தும்போது நடுக்கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாகப் போட்டால் மேல் தகடும் கீழ்த் தகடும் ஒரே மாதிரி மூடாது. கழிவுநீர் லைனில் இந்த வகைகள் எதுவும் வேண்டாம். நடுக்கம்பியிலும் தண்டிலும் துணியும் நாரும் சுற்றிக்கொள்ளும். அங்கே தடையில்லாத வழி கொண்ட ஸ்விங் அல்லது ரப்பர் கதவு வால்வுதான், மூடுவதை வேகப்படுத்த ஸ்பிரிங் கைப்பிடியோடு.

அடிப்பது வால்வுதானா என்று பார்ப்பது

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பம்பை நிறுத்துவதற்கு முன் டெலிவரி கேட் வால்வை மெதுவாக மூடிக்கொண்டே வந்து, ஏறக்குறைய மூடியதும் நிறுத்துங்கள். சத்தம் காணாமல் போனால், தண்ணீர் திரும்பும் வேகம்தான் காரணம், வால்வு வகையை மாற்றினால் பலன் இருக்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டரின் மெதுவாக நிறுத்தும் வசதியும் இதையேதான் செய்கிறது. ஆனால் கரண்ட் திடீரெனப் போகும்போது அந்த வசதிக்கே கரண்ட் கிடையாது. தினசரி நிறுத்தத்துக்கு அது போதும், மின்தடை அடிக்கடி வரும் ஊரில் அதை நம்பி ஸ்விங் வால்வை விட்டுவைக்கக் கூடாது.

சத்தம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். பம்ப் நின்று ஓரிரு நொடிக்குள் அறை விழுந்தால் அது என்.ஆர்.வி. பல நொடி கழித்து, தூரத்திலிருந்து ஓடி வருவதுபோல் ஒரு முழக்கம் வந்தால் வேறு கதை: லைனின் மேட்டுப் பகுதியில் அழுத்தம் விழுந்து தண்ணீர்த் தொடர் அறுந்து, பிறகு இரண்டு துண்டும் மோதிக்கொள்கின்றன. அதற்கு நாசில் வால்வு வாங்கி வைத்தாலும் சத்தம் குறையாது.

அழுத்தத்தை அளக்க விரும்பினால் முள் கேஜ் பயன்படாது. எகிறல் முடிந்து போன பிறகுதான் முள் நகரத் தொடங்கும், கிளிசரின் நிரப்பியதென்றால் அதுவும் இல்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை பதிவு செய்யும் சென்சாரை வால்வுக்கு அப்பால், டெலிவரி பக்கத்தில் மாட்ட வேண்டும். பம்ப் பக்கம் மாட்டினால் வால்வு மூடியதும் அந்தப் பக்கம் அமைதியாகிவிடும், எதுவும் நடக்காததுபோல் காட்டும். புது வால்வு வந்த பிறகு பரிசோதிக்கும்போது எல்லா பம்பையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். எத்தனை பம்புகள் சேர்ந்து ஓடுமோ அத்தனையையும் ஓடவிட்டு, ஒன்றின் பிரேக்கரை மட்டும் இறக்குங்கள். அந்த வால்வு தன் வாழ்நாளில் சந்திக்கப்போகும் மோசமான நிலைக்கு அருகில் இருப்பது அதுதான். ஒவ்வொரு பம்பின் வால்வுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.